நற்சான்று யாருக்கு?

முன்பின் அறியாத ஒரு பெண்ணை அரைமணி நேரம் கதிரையில் உட்காரவைத்துப் பேசிவிட்டு, பெற்ற தாயை அவளிடம் ஒப்படைத்துவிட முடியுமா? முடியாது என்றுதான் மனம் சொல்கிறது. ஆனால் வேறு வழியில்லாத வீடுகள் பல. அவற்றில் எங்கள் வீடும் ஒன்று.

எண்பத்திரண்டு வயதான உம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பதுளையில் எங்கள் வீட்டில் நானும் மனைவியும்தான். மனைவிக்கு முதுகுவலி, பாரம் தூக்க ஏலாது. ஆகவே வீட்டோடு தங்கிப் பராமரிக்க ஒருவரைத் தேடினோம். முதலில் வந்தவர் ஒரு மாதம் இருந்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார். அவர் ஏன் போனார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். சொல்ல வெட்கமாயிருப்பதால்தான் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் முறை தேடும்போது, நம்மவராக இருந்தால் நல்லது என்று நினைத்தேன். ஒரு பள்ளிவாசலின் கடிதத்தோடு ஒரு பெண் வந்தார். 'தொழுகையாளி, நல்லொழுக்கமுள்ளவர்' என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்திட்டவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு அந்தப் பெண்ணின் கணவரைத்தான் தெரியுமாம், அதுவும் ஜும்ஆவில் கண்ட பழக்கமாம்.

அப்போதுதான் கலீபா உமர் (ரழி) அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் அந்தச் சம்பவம் நினைவுக்கு வந்தது. ஒருவருக்காகச் சாட்சி சொல்ல வந்தவரிடம் உமர் (ரழி) அவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டார்களாம். நீ அவருடைய அயல்வீட்டானா? அவரோடு பயணம் செய்திருக்கிறாயா? அவரோடு பணக் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறாயா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தபோது, அப்படியானால் அவர் பள்ளிவாசலில் தலையைத் தாழ்த்தி உயர்த்துவதைத்தான் கண்டிருப்பாய், அவரை உனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்களாம். என் கையிலிருந்த கடிதத்துக்கும் அந்தச் சாட்சிக்கும் வித்தியாசமில்லை.

அடுத்ததாக வந்தவர் தெமோதரைத் தோட்டத்துப் பெண். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கையில் கடிதம் எதுவும் இல்லை. கொழும்பில் ஒரு வீட்டில் ஒரு முதியவரை மூன்று வருடம் பார்த்ததாகச் சொன்னார். நான் வழமையான கேள்விகளை விட்டுவிட்டேன். 'பொறுமை இருக்கிறதா?' என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? உம்மாவின் அறைக்கு அழைத்துப்போய், "உம்மாவ இந்தக் கட்டில்ல இருந்து கதிரைக்கு மாத்தணும் தங்கச்சி. எப்படிச் செய்வீங்க?" என்றேன்.

அவர் உம்மாவைத் தொடவில்லை. "எந்தப் பக்கம் வெளங்கல சேர்?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு கதிரையை உம்மாவின் இடப்பக்கம், அதாவது நல்ல பக்கம், நகர்த்தி வைத்தார். "சொகமான காலு முன்னுக்குப் போவணும். வெளங்காத கையப் புடிச்சு இழுக்கக்கூடாது, தோள்மூட்டு எறங்கிப் போயிரும்" என்றார். சாப்பாடு கொடுப்பதைப் பற்றிக் கேட்டேன். நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறு கரண்டியால் நல்ல பக்கத்து வாயில் கொடுக்க வேண்டும், ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்தது, முடிந்ததும் விழுந்த பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அரைமணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது என்றார். குதிங்காலையும் முதுகின் கீழ்ப்பக்கத்தையும் தினமும் பார்க்க வேண்டுமாம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளிற வேண்டும். வெளிறாமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முந்திய வீட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிவிட்டதாகச் சொன்னார்.

கடைசியாக, "அந்த வீட்டுல உங்களுக்குக் கோபம் வந்த ஒரு நாளச் சொல்லுங்க" என்றேன். இதே கேள்விக்கு முதலில் வந்த பெண், தனக்குக் கோபமே வராது என்று சொல்லியிருந்தார். இவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு ராத்திரி அஞ்சு தடவ துணி மாத்துனேன். அஞ்சாவது தடவ அவரு என் மூஞ்சில துப்பிட்டாரு. கை ஓங்கிருச்சு சேர். வெளிய போயி பைப்படியில நின்னேன். கொஞ்ச நேரங்கழிச்சு வந்து மாத்தினேன்" என்றார். கை ஓங்கியதை ஒளிக்காமல் சொன்ன அந்த வாய்தான் உம்மாவுக்கு ஏதாவது நடந்தாலும் ஒளிக்காமல் சொல்லும் என்று எனக்குப் பட்டது.

அவர் சொன்ன கொழும்பு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். 'நல்ல பிள்ளையா?' என்று கேட்பதில் பயனில்லை. எத்தனை மாதம் இருந்தார், யாரைப் பார்த்தார், இரவில் யார் எழும்பினார், ஏன் நின்றார், திரும்ப எடுப்பீர்களா என்று கேட்டேன். வருடமும் வேலையும் அவர் சொன்னதோடு சரியாக ஒத்துப்போயின. "கள்ளம் இல்ல. ஆனா சொல்லுக் கேக்கமாட்டா, எடுக்காதீங்க" என்று சொன்னார்கள். எந்தச் சொல்லைக் கேட்கவில்லை என்று விசாரித்தேன். தாயின் மரணச் செய்தி வந்ததும், ஆள் கிடைக்கும்வரை நில் என்று சொல்லியும் நில்லாமல் ஊருக்குப் போயிருக்கிறார். பதினொரு நாள் கழித்துத் திரும்பியபோது வேறு ஆள் வந்துவிட்டதாம். கடைசி மாதச் சம்பளமும் இல்லை, கடிதமும் இல்லை. மூன்று வருடப் பராமரிப்பை ஒரு மரண வீடு அழித்துவிட்டது.

இது நம் மலைநாட்டுக்குப் புதிதல்ல. ஒருகாலத்தில் தோட்டத் தொழிலாளிக்குத் 'துண்டு' என்றொரு கடதாசி இருந்தது. இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுப்பது அது. துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டம் எடுக்காது. கடனோ ஆளோடு கூடவே கைமாறும். 1921இல்தான் அந்த முறையைச் சட்டம் ஒழித்தது. வீட்டு வேலைக்காரருக்கும் 1871இல் ஒரு பதிவுச் சட்டம் வந்தது. வேலைக்காரர் தம் பெயரைப் பதிந்து ஒரு சிறு பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகும்போது எசமான் அதில் அவருடைய குணத்தை எழுதுவார். எசமானின் குணத்தை எழுத அதில் பக்கமில்லை. நாம் இன்று கேட்கும் நற்சான்றும் அந்தத் துண்டின் பேரப்பிள்ளைதான் என்று தோன்றுகிறது. நற்சான்று வேண்டாம் என்று சொல்லவில்லை. படுத்த படுக்கையான தாயை விசாரிக்காமல் ஒப்படைப்பது அமானத்துக்குச் செய்யும் துரோகம். ஆனால் நற்சான்றை வாசிக்கும்போது, எழுதியவருக்கும் எழுதப்பட்டவருக்கும் நடுவில் என்ன கணக்கு மிச்சமிருந்தது என்பதையும் வாசிக்க வேண்டும்.

உமர் (ரழி) அவர்களின் அளவுகோலைப் பிடிக்க நினைத்தேன். அயலவரையும், கடன் கொப்பி வைத்திருக்கும் கடைக்காரரையும் விசாரிக்கலாம். ஆனால் ஒருவருடைய கடன் கணக்கை அவருக்குத் தெரியாமல் துருவுவது விசாரணையல்ல, உளவு. ஆகவே அவரிடமே அனுமதி கேட்டேன்.

"வாங்க சேர், லயத்துல யாரையும் கேளுங்க" என்றார். பிறகு தலையைக் குனிந்தபடி, "நானும் ஒண்ணு ரெண்டு கேக்கலாமா?" என்றார்.

உம்மா இரவில் எத்தனை தடவை எழும்புவார்? தனக்குப் படுக்க எந்த இடம், அந்தக் கதவுக்கு உள்ளே கொண்டி இருக்கிறதா? அடையாள அட்டையை யார் வைத்திருப்பது? இந்த மூன்றுக்கும் பதில் சொன்னேன். நான்காவது கேள்வியில் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. "இதுக்கு முந்தி இருந்தவங்க ஏன் சேர் போனாங்க?"

இனிச் சொல்லத்தான் வேண்டும். முதல் வாரத்தில் உம்மாவின் தலையணைக்கடியில் நான் பணம் வைத்திருந்தேன். எடுக்கிறாரா என்று பார்க்க. அவர் எடுக்கவில்லை. மூன்றாம் வாரம் தொகையைக் கூட்டி மறுபடி வைத்தேன். அவர் அதை எண்ணி, என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, அன்று பின்னேரமே போய்விட்டார். நம்பிக்கையைச் சோதிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஏழையின் முன்னால் பொறி வைத்துவிட்டு ஒளிந்து நின்றிருக்கிறேன். பொறியில் எலி விழுந்தாலும் விழாவிட்டாலும், வைத்தவனின் மனசுதான் தெரியவருகிறது.

இதைச் சொல்லி, போனவரின் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தேன். நான் லயத்தில் விசாரிப்பேன், அவர் என்னைப் பற்றி அவரிடம் விசாரிப்பார்.

சூரத்துல் கஸஸில் வரும் மத்யன் சம்பவத்தை நாம் எத்தனை தடவை ஓதியிருக்கிறோம். மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்தும்படி அந்த மகள் தந்தையிடம் சொல்கிறாள். வலிமையும் நம்பகமும் உள்ளவரே அமர்த்துவதற்குச் சிறந்தவர் என்பது அவளுடைய சான்று. தங்கள் மந்தைக்கு அவர் தண்ணீர் புகட்டியதைக் கண்ணால் கண்ட பிறகுதான் அதைச் சொல்கிறாள். இதைப் பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் அடுத்து வருவதை அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. அமர்த்தும் அந்த முதியவர் எட்டு வருடம் என்று காலத்தைச் சொல்கிறார், பத்தாக்குவது உம் விருப்பம் என்கிறார், உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை என்கிறார். மூஸா (அலை) அவர்களும் தம் நிபந்தனையைச் சொல்கிறார்கள். அங்கே நற்சான்று இரண்டு பக்கமும் நடக்கிறது.

ஒருபக்கமும் நடக்காதபோது என்னாகும் என்பதை மூதூர் ரிசானா நபீக்கின் கதை நமக்குச் சொல்லியிருக்கிறது. 1988இல் பிறந்த பிள்ளைக்கு 1982இல் பிறந்ததாகக் கடவுச்சீட்டு. வீட்டு வேலை என்று 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டவளின் கையில் நான்கு மாதக் குழந்தை கொடுக்கப்பட்டது. உனக்கு வயதென்ன, பச்சைக் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்துப் பழக்கமா என்று யாராவது உண்மையாகக் கேட்டிருந்தால்? பால் கொடுக்கும்போது குழந்தைக்குப் புரையேறியது என்றாள் அவள். கொலை என்றது நீதிமன்றம். 2013 ஜனவரி 9இல் அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நேர்முகம் என்பது எசமானின் பாதுகாப்புக்கு மட்டுமல்ல. ஏலாத வேலையை ஏலாது என்று சொல்ல வேலைக்காரிக்குக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பமும் அதுதான்.

நான் தெமோதரைக்குப் போனேன். அயல் லயத்துக் கிழவி ஒருத்தி, தன் பேறுகாலத்து மகளை இந்தப் பெண்தான் ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க இருந்து பார்த்ததாகச் சொன்னாள். கடைக்காரர் கொப்பியை விரிக்கவே இல்லை. "கடன் இருக்கு, வாக்கும் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அவரும் என்னைப் பற்றி விசாரித்துவிட்டு இரண்டு நாள் கழித்து வந்தார். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "வீடு நல்ல வீடாம். சேர்தான் சந்தேகக்காரராம். சாமான் எல்லாத்தையும் எழுதி வச்சு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடச் சொன்னாங்க" என்றார். போட்டோம். இரண்டு வாரம் பரீட்சார்த்தம், அது இரு தரப்புக்கும். வாரத்தில் ஒருநாள் விடுமுறை. உம்மா இரவில் நாலு தடவை எழும்புவார் என்பதால், ஒன்றுவிட்ட ஒரு இரவு நான் எழும்புவதாகவும் எழுதினோம். அந்த இரவுகளில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. பொறுமையைப் பெண்ணின் குணத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அதில் பாதி அவளுடைய தூக்கத்தில் இருந்தது.

உம்மாவுக்கு இடக்கையால் வுழூ செய்விக்க அவர் இப்போது பழகிவிட்டார். அடையாள அட்டை அவருடைய பையிலேயே இருக்கிறது. அவர் போகும் ஒரு நாளில் நான் அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அவர் எனக்கு எழுதமாட்டார். ஆனால் அடுத்து வருபவள் அவரிடம் கேட்பாள்.