பெயர் சொல்லி ஒரு வாழ்த்து

இளைஞர்களே, அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் முதலில் என்ன கேட்பார்? பெயர், நட்சத்திரம். இறைவன் முன்னாலேயே நம்மைப் பெயர் சொல்லித்தான் நிறுத்துகிறார்கள்.

தீபாவளிக்கு நாம என்ன செய்றோம்? வந்த விளக்குப் படத்தை அப்படியே எல்லாருக்கும் தட்டி விடுறோம். மாமா இறந்து ஒரு வருஷம் ஆகாத அத்தைக்கும் 'குடும்பத்தோடு கொண்டாடி மகிழுங்கள்' என்று போய்ச் சேருது. துக்க வீட்டில் ஏது கொண்டாட்டம்?

அதை இப்படி எழுதுங்கள்: "அத்தை, இந்த வருஷம் உங்க வீட்ல தீபாவளி இல்லன்னு தெரியும். மாமா பிழிஞ்ச முறுக்கு ஞாபகமா இருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில வர்றேன், சேர்ந்து பசியாறலாம்."

அனுப்புமுன் பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். வேறொருவருக்கும் பொருந்தினால், அது இன்னும் அர்ச்சனை ஆகவில்லை.