நம்பிக்கையும் நடுநிலையும்: அல்பிறூனி காட்டும் நெறி

தன் சமயமே மெய்யென உறுதிகொண்ட ஒருவன் பிறசமயத்தை நடுநிலையோடு அறிதல் கூடுமா? பற்றே பார்வையை மறைக்கும் என்பர் ஒருசாரார். அவர்தம் கூற்றை ஆராய்தற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, இஸ்லாமிய அறிஞரான அல்பிறூனி கி.பி. 1030 அளவில் இந்தியாவைப் பற்றி அறபு மொழியில் எழுதிய நூலாகும்.

அந்நூலெழுந்த காரணத்தை அவரே முன்னுரையிற் கூறுகின்றார். இறைவன் தன் சொரூபத்தாலேயே அறிபவன் என்பது இஸ்லாத்தினுள் எழுந்த முஃதஸிலாக்களின் கொள்கை. அவர்களை மறுக்கப் புகுந்த ஒருவரோ, இறைவனுக்கு அறிவில்லையென அவர்கள் கூறுவதாகத் திரித்து எழுதியிருந்தார். தம் சமயத்துள்ளேயே இத்திரிபு நிகழுமாயின், தொலைவிலுள்ள இந்துக்களைப் பற்றிய எழுத்துக்கள் எத்தகையனவாயிருக்கும் என்ற வினா அங்குத் தோன்றிற்று. அவர் வடமொழி பயின்றிருந்தார். பதஞ்சலியின் யோகநூலை அறபியில் மொழிபெயர்த்துமிருந்தார். எனவே இந்துக்களின் கொள்கையை அவர்தம் நூல்களைக்கொண்டே உரைக்க முயன்றார்.

அவருடைய நடுநிலை நன்கு புலப்படுவது உருவ வழிபாடு பற்றிய அதிகாரத்திலாகும். உருவ வழிபாடு அவருக்கு உடன்பாடன்று. எனினும், அது கல்லாதார்க்கென அமைந்தது என்றும், கற்றறிந்த இந்துக்கள் அருவமான பரம்பொருளையே நாடுகின்றனர் என்றும் வேறுபடுத்துகின்றார். அம்மட்டோடமையாது, நபிகளின் படத்தையோ மக்காவின் படத்தையோ கல்லாத முஸ்லிம் ஒருவருக்குக் காட்டினால், அவரும் அதை முத்தமிட்டுக் கன்னத்தோடு சேர்த்துக்கொள்வார் என்கின்றார். பிறரை அளந்த கோலாலேயே தம்மவரையும் அளக்கும் நேர்மை இது. தம் சமயத்துக் கற்றோரைப் பிறசமயத்துப் பாமரரோடு ஒப்பிடுதல் எளிது. அவ்வெளிய வழியை அவர் நாடவில்லை.

எனினும், அவருடைய அறிவுக்கும் எல்லைகள் இருந்தன. பௌத்த நூலொன்றையும் தாம் காணவில்லை, பௌத்தர் எவரிடமும் கேட்டறியவுமில்லை என்றும், பிறரொருவர் தந்த செய்தி நுண்மையற்றதாயினும் அதனையே எடுத்துரைப்பதாகவும் மேருமலை பற்றிய பகுதியில் ஒப்புக்கொள்கின்றார். அவர் பெரிதும் சார்ந்திருந்தது கற்ற அந்தணரையே. ஆதலின் பாமரரின் சமயம் அவர்தம் குரலில் அந்நூலில் ஒலிக்கவில்லை. மேலும், கஸ்னி மஹ்மூதின் படையெடுப்புகள் இந்துக்களின் உள்ளத்தில் முஸ்லிம்கள்மீது ஆழ்ந்த வெறுப்பை விளைத்ததை அவர் மறைக்கவில்லை. ஆனால் அவர் வாழ்ந்ததும் அம்மன்னனின் ஆட்சிக்குட்பட்டே. வென்றார் பக்கத்திலிருந்து வினவுவோனுக்குத் தோற்றார் எவ்வளவு திறந்து விடையிறுப்பர் என்ற ஐயம் எஞ்சியே நிற்கின்றது.

அல்பிறூனி இறுதிவரை முஸ்லிமாகவே வாழ்ந்தார்; தாம் ஏலாதவற்றை ஏலாதனவென்றே எழுதினார். ஆகவே, பிறசமயத்தை நேர்மையாக அறிதற்குத் தன் நம்பிக்கையைத் துறத்தல் வேண்டுவதில்லை. பிறர் கொள்கையை அவர் 'ஆம், இதுவே எமது கொள்கை' என ஏற்குமாறு உரைத்தல், ஒரே கோலால் இருபாலும் அளத்தல், கேளாததைக் கேளாததென ஒப்புதல் ஆகிய மூன்றுமே வேண்டப்படுவன. இவற்றுள் ஒன்று தவறினும், மறுப்புரை பிறர் சமயத்தை மறுப்பதாகாது. மறுப்போன் தானே புனைந்த ஒன்றை மறுப்பதாகவே முடியும்.