எத்தனை நாள் இருப்பீர்கள்?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். போன வாரம் கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் நேர்காணலுக்குப் போனாள். எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. கடைசியில் முதலாளி, “அஞ்சு வருஷத்துல நாலு கம்பெனி. இங்க எத்தனை நாள் இருப்பீங்கம்மா?” என்று கேட்டிருக்கிறார். “கண்டிப்பா இருப்பேன் சார்” என்பதற்கு மேல் இவளுக்கு வார்த்தை வரவில்லை.

அன்று சாயங்காலமே அவருக்கு ஒரு மெயில் எழுதி, அனுப்பும் முன் என்னிடம் காட்டினாள். இரண்டு பக்கம். அதில் பாதி, பழைய மேனேஜர் ஒருவர் படுத்திய பாடு. “உண்மைதானே மாமா?” என்றாள். உண்மைதான். ஆனால் படிக்கிறவர், நாளைக்கு நம்மைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவாள் என்றல்லவா நினைப்பார்? அதை எடுத்துவிட்டோம்.

ஏன் விலகினாள் என்பதற்கு, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வரி போதும் என்றேன். முதல் கம்பெனி மூடப்பட்டது. இரண்டாவது, காண்ட்ராக்டர் மூலம் பதினொரு மாத வேலை. நாலாவது, அலுவலகத்தையே சென்னைக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாவதிலிருந்து சம்பளத்துக்காகத்தான் மாறினாள். அதை மட்டும் விட்டுவிடலாமா என்றாள். கூடாது. சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பி.எஃப். கணக்கில் இருக்கின்றன. மறைத்தது தெரிந்தால் மற்ற மூன்று வரியையும் நம்பமாட்டார்கள். “கூடுதல் சம்பளம் கிடைத்ததால் மாறினேன்” என்றே எழுதினாள்.

அந்த முதலாளியின் பயம் எங்கே இருக்கிறது என்று அப்புறம் யோசித்தோம். மார்ச் 31-இல் வருடக் கணக்கு முடிகிறது. அதன் பிறகும் ஆடிட் முடிய மாதக்கணக்கில் ஆகும். நடுவில் கணக்காளர் போய்விட்டால், எந்த வவுச்சர் எதற்குப் போட்டது என்று புதியவர் தேடித் திண்டாடுவார். மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் காத்திருக்காது. அதனால் “நிரந்தரமாக இருப்பேன்” என்ற வரியை அடித்துவிட்டு, “குறைந்தது இரண்டு வருடக் கணக்கை முடித்துக் கொடுப்பேன், ஆடிட்டர் கையெழுத்துப் போடும் முன் விலகமாட்டேன்” என்று எழுதினாள். மூன்றாவது கம்பெனியில் ஆடிட் முடித்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். நேர்காணலில் சொல்ல விட்டுப்போன விஷயம் அது! அந்த ஆடிட்டரிடம் அனுமதி கேட்டு, அவர் நம்பரையும் சேர்த்தாள். மொத்தம் அரைப் பக்கம்.

வேலைக்கு ஆள் எடுப்பவர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஆளை வைப்பதும் நீங்கள்தான், அது முடிந்து வருகிறவரிடம் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்பதும் நீங்கள்தான். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் ஒவ்வொரு வேலையும் எப்படி முடிந்தது என்று முதலில் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் கேளுங்கள்.