இடம் மாறச் சொல்லும் அன்பு

டேட்டிங் செயலியில் அறிமுகமான ஒருவர் சில நாள் கனிவாகப் பேசிவிட்டு, வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ வரும்படி கேட்பது தன்னளவில் குற்றத்துக்குச் சான்றாகாது. நேர்மையானவர்களும் அவ்வாறு கேட்பதுண்டு. எனவே ஆராயத்தக்கது அந்த வேண்டுகோள் அன்று, அதில் உள்ள அவசரமே.

டேட்டிங் செயலியில் ஒருவர் புகாரளித்து மோசடிக் கணக்கு நீக்கப்பட்டால், அக்கணக்கின் வழியாகப் பேசிவந்த எல்லோருடனும் மோசடிக்காரருக்குள்ள தொடர்பு ஒரே நேரத்தில் அறுந்துபோகும். வாட்ஸ்அப் உரையாடல்களோ 2016 முதல், அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நிறுவனமே படிக்க இயலாதவாறு பூட்டப்படுகின்றன. டெலிகிராமின் தனி உரையாடல்களில் 2019 முதல், இருவர் கைப்பேசியிலிருந்தும் செய்திகளை ஒருவரே அழித்துவிடலாம். நல்லோரின் அந்தரங்கத்தைக் காக்கும் இவ்வசதிகளே, கணக்கு பறிபோகுமுன் ஆட்களை வெளியே கொண்டுபோக விரும்புபவருக்கு அடைக்கலமாகின்றன.

சிங்கப்பூரில் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், மூன்றாம் நாளே தம் சந்தா நாளையோடு முடிவதாகக் கூறி ஒரு பெண்ணிடம் வாட்ஸ்அப் எண் கேட்பதாகக் கொள்வோம். இன்னும் இரண்டு வாரம் இங்கேயே பேசலாம் என்று அப்பெண் விடையளித்தால், உண்மையானவர் சற்றே ஏமாற்றமடைந்தாலும் உடன்படுவார், மற்றவரோ, "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டு, அதுவரை காட்டிய அன்பையே கடனாக்கித் திருப்பிக் கேட்பார். பொறுமையாகக் காத்திருக்கும் மோசடிக்காரரும் இருப்பதாலும், காணொளி அழைப்பில் தோன்றுவதற்கென்றே வேறொருவரை அமர்த்தும் கும்பல்கள் இருப்பதாலும், இச்சோதனையிலோ காணொளி அழைப்பிலோ தேறியவரெல்லாம் நம்பத்தக்கவர் என்று முடிவுகட்டிவிடலாகாது. அத்தகையோரில் பலர் நேரடியாகப் பணம் கேட்பதில்லை; தாம் கிரிப்டோ நாணயத்தில் ஈட்டியதைக் காட்டி, தாம் சொல்லும் தளத்தில் சிறுதொகை போடவைத்து, அதை லாபத்தோடு எடுக்கவும் விட்டு, பெருந்தொகை சேர்ந்தபின் ‘வரி கட்டினால்தான் எடுக்கலாம்’ என்பர். கொழுக்கவைத்து அறுப்பதால் சீனத்தில் இதற்குப் ‘பன்றி அறுப்பு’ என்று பெயர்.

அந்த அன்புச் சொற்களை எழுதுபவர் பலராகவும் இருக்கலாம், சிறைப்பட்டவராகவும் இருக்கலாம். மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இத்தகைய மோசடிகளைச் செய்யக் கட்டாயப்படுத்தப்படக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. கணினி வேலை என்று நம்பிப் போய், மியன்மாரின் மியாவதியில் சிக்கி, 2022இல் மீட்கப்பட்டவர்களில் தமிழர்களும் உண்டு. ஆதலால் இனிய சொற்களின் மிகுதியைக் கொண்டு எழுதியவரின் மனத்தை அளக்க வழியில்லை. அவற்றை நம்பி நெகிழ்ந்தவர் அதற்காக வெட்கப்படவும் வேண்டியதில்லை. ஐயம் எழுந்தபின் அவர் செய்யவேண்டியது, மறுப்பைத் தெரிவிக்குமுன்பே உரையாடலையும் கணக்குப் பக்கத்தையும் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்வதாகும். மறுத்த மறுகணமே அவை அழிக்கப்படலாம். இந்தியாவில் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை எவ்வளவு விரைவில் அழைக்கிறாரோ, அது கைமாறுமுன் வங்கிக் கணக்கிலேயே முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.