தட்டணுக்கள் எங்கே போயின?

பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை செய்யவிருக்கும் நாற்பது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.4, வெள்ளையணுக்கள் 9,800. இரண்டும் சரி. ஆனால் தட்டணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 31,000 என்று இயந்திரம் அச்சடித்துத் தருகிறது. ஒன்றரை லட்சத்துக்குமேல் இருக்க வேண்டியது அது. ‘பிளேட்லெட் குறைஞ்சிருக்கு’ என்றால் நம் ஊரில் மழைக்காலத்தில் உடனே டெங்கு ஞாபகம் வரும். வீட்டில் பப்பாளி இலையைத் தேடத் தொடங்குவார்கள். இந்தப் பெண்ணுக்கோ காய்ச்சல் இல்லை. ஈறில் கசிவு இல்லை, தோலில் சிவப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் உடனே நின்றுவிட்டது. எண் ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது.

செல் கவுண்டர் என்கிற இயந்திரம் அணுக்களைப் பெரும்பாலும் அளவை வைத்தே பிரிக்கிறது. நுண்ணிய துளை வழியே ரத்தம் போகும்போது, மிகச் சிறியதாக வருவதைத் தட்டணு என்று எண்ணும். அதைவிடப் பெரியது வந்தால் வேறு கணக்கில் சேர்த்துவிடும். முப்பது தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு திரளாக வந்தால், இயந்திரத்தின் பார்வையில் அங்கே தட்டணுவே இல்லை. சில சமயம் அந்தத் திரளை ஒரு வெள்ளையணு என்றுகூட அது எண்ணிவிடும். அதனால்தான் இப்படி ஓர் எண் வந்தால், அதை வெளியே அனுப்புவதற்கு முன்பு ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஸ்மியரும் பார்க்க வேண்டிய முறையில் பார்க்காவிட்டால் அதே பொய்யைத் திரும்பச் சொல்லும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

முதலில் தேய்ப்பது. ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ டியூபை எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பிக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. ரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்மியர் போட்டுவிடுவது நல்லது. நேரம் ஆக ஆக அணுக்களின் வடிவம் கெடும். சுத்தமான, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத ஸ்லைடின் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சொட்டு. விளிம்பு வழவழப்பான இன்னொரு ஸ்லைடைச் சொட்டுக்கு முன்னால் 30 முதல் 45 டிகிரி சாய்வில் வைத்து, பின்னால் இழுத்துச் சொட்டைத் தொட வேண்டும். ரத்தம் விளிம்பு நெடுகப் பரவியதும் ஒரே வீச்சில், அழுத்தாமல், முன்னால் தள்ளிவிட வேண்டும். ஸ்லைடின் மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் படலம் முடிந்து, நுனி நாக்கு மாதிரி மெலிந்திருந்தால் சரியாக வந்திருக்கிறது. சோகை உள்ளவரின் ரத்தம் நீர்த்து ஓடும், அதற்குச் சாய்வைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். கெட்டியான ரத்தத்துக்குக் குறைக்க வேண்டும்.

இந்தத் தள்ளலில் ஒன்று நடக்கிறது. பெரியவை எல்லாம் விளிம்போடு இழுபட்டு நுனிக்கும் இரு ஓரங்களுக்கும் போய்விடுகின்றன. மோனோசைட், நியூட்ரோபில் போன்ற பெரிய வெள்ளையணுக்கள் அங்கே கூடுதலாகச் சேரும், யானைக்கால் நோயின் நுண்புழு இருந்தால் அதுவும் அங்கேதான் ஒதுங்கும். தட்டணுத் திரளும் அப்படியே. தயங்கித் தயங்கித் தள்ளினால் இந்த ஒதுக்கம் இன்னும் மோசமாகும். நடுப்பகுதி எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அது முழு ரத்தத்தின் பிரதிநிதி அல்ல என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தேய்த்தவுடன் காற்றில் ஆட்டி உலர்த்த வேண்டும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் படலம் மெதுவாகக் காய்ந்தால் சிவப்பணுக்களின் நடுவே பளபளக்கும் ஓட்டைகள் தோன்றும். அனுபவம் இல்லாதவர் அதை நோய் என்று எழுதிவிடுவார். பெயரையும் எண்ணையும் பென்சிலால் எழுத வேண்டும், ஏனெனில் பேனா மை மெத்தனாலில் கரைந்து போகும்.

சாயத்துக்கு நம் ஆய்வகங்களில் பெரும்பாலும் லீஷ்மன்தான். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் 1901இல் வெளியிட்ட கலவை அது. மெத்திலீன் நீலத்தின் வழிவந்த சாயங்களும் இயோசினும் மெத்தனாலில் கரைந்திருக்கும். நீலச் சாயம் அணுக்கருவைப் பிடிக்கிறது, இயோசின் ஹீமோகுளோபினைச் சிவப்பாக்குகிறது. சாயத்தை ஸ்லைடு முழுவதும் ஊற்றி இரண்டு நிமிடம் விட்டால், அதிலுள்ள மெத்தனால் அணுக்களைக் கண்ணாடியில் நிலைநிறுத்திவிடும். இந்தக் கட்டத்தில் தண்ணீர் ஒரு துளி கலந்தாலும் சிவப்பணுக்கள் சிதையும். அதன்பின் சாயத்தைப்போல் இரண்டு மடங்கு, பி.எச் 6.8 உள்ள பஃபர் தண்ணீரைச் சேர்த்து, லேசாக ஊதிக் கலக்கி, ஏழிலிருந்து பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மேலே, பெட்ரோல் சிந்திய தண்ணீர் மாதிரி, ஒரு பளபளப்பான ஏடு படியும். கழுவும்போது அந்த ஏட்டைத் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டே வெளியேற்ற வேண்டும். ஸ்லைடைச் சரித்துச் சாயத்தை முதலில் கொட்டினால் ஏடு முழுவதும் ஸ்மியர்மேல் படிந்துவிடும்.

நம் பெண்ணின் ஸ்லைடில் இது சின்ன விஷயம் அல்ல. படிந்த சாயத் துகள்களும் தட்டணுக்களும் பார்வைக்கு அண்ணன் தம்பிதான். நுண் திருகை மெல்லத் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சாயத் துகள் அணுக்களுக்கு மேலே, வேறொரு தளத்தில் கூர்மையாகும். கன்னங்கரேலென்று, ஒழுங்கில்லாத அளவுகளில் இருக்கும். தட்டணு சிவப்பணுவோடு அதே தளத்தில் தெரியும். வெளிர்நீலப் பின்னணியில் மெல்லிய ஊதாக் குறுமணிகள் அதற்குள் இருக்கும். சாயத்தின் பஃபர் கெட்டிருந்தால் நிறமே காட்டிக்கொடுக்கும். அமிலம் மிஞ்சினால் சிவப்பணுக்கள் மிகச் சிவந்து அணுக்கரு வெளுக்கும், காரம் மிஞ்சினால் எல்லாம் நீலச்சாம்பல் அடிக்கும். அப்படிப்பட்ட ஸ்லைடோடு மல்லுக்கட்டாமல் இன்னொன்றைச் சாயமிடுவதே மேல்.

இனிப் பார்ப்பது. எண்ணெய் லென்ஸுக்கு நேராகத் தாவுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அங்கே எல்லாம் பெரிதாகத் தெரிகிறது, அதனால் எல்லாம் தெரிவதாகத் தோன்றுகிறது. அப்படித் தாவினால் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று பார்ப்போம். படலத்தின் உடல் நுனியை நோக்கி மெலியும் இடத்தில், சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அருகருகே தொட்டும் தொடாமலும் இருக்கும் பகுதி ஒன்று உண்டு. அணுக்களை வாசிக்க ஏற்ற இடம் அதுதான். அங்கே எண்ணெய் லென்ஸில் பத்துப் புலங்களை எண்ணுகிறோம். மொத்தம் இருபது தட்டணுக்கள், அதாவது புலத்துக்கு இரண்டு. வழக்கமான கணக்குப்படி சராசரியை 15,000ஆல் பெருக்கினால் 30,000 வருகிறது. இயந்திரமும் 31,000 என்றுதான் சொன்னது. இரண்டும் பொருந்திவிட்டன என்று நிம்மதியாகக் கையெழுத்திட்டுவிடலாம். இரண்டும் தவறு.

ஏனென்றால் தட்டணுக்கள் அந்த இடத்தில் உண்மையாகவே இல்லை, அவை நுனியில் இருக்கின்றன. அதனால் வரிசை முக்கியம். முதலில் வெறுங்கண்ணால் ஸ்லைடைப் பார்க்க வேண்டும்: படலம் சீராக இருக்கிறதா, நிறம் எப்படி, கோடுகளோ ஓட்டைகளோ உண்டா. அடுத்து 10 மடங்கு லென்ஸில் நுனியையும் இரு ஓரங்களையும் ஒரு முழுச் சுற்று. இங்கேதான் இந்தப் பெண்ணின் ஸ்லைடில் விஷயம் வெளிப்படுகிறது. நுனி நெடுக, வெள்ளையணுக்களைவிடப் பெரிதாக, கருவில்லாத ஊதாநிறத் திட்டுகள். 40 மடங்கில் ஒரு திட்டை நெருங்கினால் அதன் விளிம்பில் தனித்தனித் தட்டணுக்கள் தெரிகின்றன. திட்டுகளுக்கிடையே வெளிறிய நூல் இழைகள் ஓடுகின்றனவா என்று அப்போது கட்டாயம் தேட வேண்டும். இழை இருந்தால் அது ஃபைப்ரின். ரத்தம் எடுக்கும்போதே உறையத் தொடங்கியிருக்கிறது. அந்த டியூபின் எந்த எண்ணையும் நம்பாமல் புதிதாக ரத்தம் எடுக்க வேண்டியதுதான். இங்கே இழை இல்லை. டியூபில் குச்சி விட்டுத் துழாவினாலும் கட்டி சிக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் எண்ணெய் லென்ஸ். சிவப்பணுவின் அளவைச் சிறிய லிம்ஃபோசைட்டின் கருவோடு ஒப்பிட்டும், நடு வெளுப்பு விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதானா என்றும் பார்க்க வேண்டும். வடிவம், உள்ளே மலேரியா ஒட்டுண்ணி போன்றவை அடுத்து. வெள்ளையணுக்களை நூறு எண்ணிப் பிரிக்கும்போது நடுவிலேயே நின்றுவிடாமல், ஓரம்வரை போய், சற்று நகர்ந்து, திரும்பி, கோட்டை மதில் போல ஏறி இறங்கி வர வேண்டும். ஓரத்தில் நியூட்ரோபிலும் நடுவில் லிம்ஃபோசைட்டும் கூடுதலாக இருப்பதால் ஒரே இடத்தில் எண்ணினால் விகிதம் சாய்ந்துவிடும். இந்தப் பெண்ணிடம் எல்லாம் இயல்பு. உண்மையான டெங்கு என்றால் நுனியில் திரள் இருக்காது. எங்கு தேடினாலும் தட்டணு அரிதாகத்தான் கிடைக்கும். நீலம் கூடிய சைட்டோபிளாசத்தோடு பெருத்த லிம்ஃபோசைட்டுகள் பெரும்பாலும் கண்ணில் படும்.

திரளுக்குக் காரணம் டியூபிலுள்ள ஈ.டி.டி.ஏதான். ரத்தம் உறையாமலிருக்க அது கால்சியத்தைக் கட்டிப்போடுகிறது. கால்சியம் போனதும் தட்டணுவின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம் வடிவம் மாறி, மறைந்திருந்த பகுதியை வெளிக்காட்டுகிறது. சிலர் ரத்தத்தில் அந்தப் பகுதியைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் இருக்கும். அது தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. டியூப் குளிர்ந்து அறை வெப்பத்துக்கு வந்தபின், நேரம் போகப்போக ஒட்டல் கூடும். உடம்புக்குள் ஈ.டி.டி.ஏ இல்லை, அதனால் அங்கே எதுவும் நடப்பதில்லை.

சோதிக்க, நீல மூடி போட்ட சிட்ரேட் டியூபில் ரத்தம் எடுத்து, தாமதிக்காமல் எண்ண வேண்டும். இயந்திரம் 1,86,000 என்கிறது என்று வைப்போம். அந்த டியூபில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் திரவம் இருப்பதால் 1.1ஆல் பெருக்க வேண்டும்: 2,04,600. இதற்கும் ஒரு ஸ்மியர் போட்டு நுனியைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் சிலருக்குச் சிட்ரேட்டிலும் திரளும். விரல் நுனியில் குத்தி நேராக ஸ்மியர் போட்டால் சந்தேகம் தீருமே என்று கேட்பார்கள். அதில் உறைவுத்தடுப்பான் எதுவும் இல்லாததால் யாருடைய தட்டணுவும் கொஞ்சம் திரளவே செய்யும். தட்டணுக்கள் தாராளமாக இருக்கின்றன என்பதை அது காட்டும், எண்ணித் தராது.

அறிக்கையில் 31,000 என்ற எண்ணை அச்சடிக்காமல், ‘ஈ.டி.டி.ஏ மாதிரியில் தட்டணுக்கள் திரண்டுள்ளன, இயந்திர எண்ணிக்கை ஏற்கத்தக்கதல்ல. சிட்ரேட் மாதிரியில், திருத்திய எண்ணிக்கை 2,04,600’ என்று எழுத வேண்டும். அந்தப் பெண்ணின் கோப்பிலும் இது இருக்க வேண்டும். எதிர்ப்புரதம் நெடுநாள் நீடிக்கக்கூடியது. அடுத்த முறை வேறோர் ஊரில் வேறோர் ஆய்வகத்தில் ஊதா மூடி டியூபில் ரத்தம் எடுத்தால் அதே எண் மறுபடி வரும். கோப்பைப் பார்க்காத யாராவது ஸ்டீராய்டு தொடங்கிவிடவோ, தேவையில்லாத தட்டணுப் பையை ஏற்றிவிடவோ இடமுண்டு.