பயோடேட்டாவில் எழுதும் எடை

கல்யாணப் பேச்சு தொடங்கிய வீட்டில் பெண்ணின் எடை ஊர்ப் பேச்சாகிவிடுகிறது. போன மாதம் வரை "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோம்மா" என்று கரண்டியோடு நின்ற அத்தை, ஜாதகம் வெளியே போனதும் தட்டைக் கவனிக்கத் தொடங்குகிறார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒரு பத்து கிலோ குறைச்சிட்டா வரன் தானா அமையும்." அத்தையிடம் பெரும்பாலும் கெட்ட எண்ணம் கிடையாது. சிக்கலே அங்கேதான். அன்போடு சொன்ன சொல் ஒருவரைக் கூனிக் குறுக வைத்தால், அதைப் பொறுத்துப் போவது மரியாதையா?

முதலில் அந்தப் பத்து கிலோவைப் பார்ப்போம். பெண்ணுக்கு 27 வயது, உயரம் 160 செ.மீ., எடை 72 கிலோ. மாப்பிள்ளை வீட்டார் வர ஆறு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும். ஆறு வாரத்தில் பத்து கிலோ என்றால் நாளுக்கு 1,800 கலோரிக்கு மேல். அந்தப் பெண் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதே அநேகமாக அவ்வளவுதான் இருக்கும். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே தாங்கும் வேகம் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. பட்டினி கிடந்தால் முதல் வாரத்தில் முள் சட்டென்று இறங்கும். இறங்குவதில் பெரும்பங்கு நீர். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டலாம். நிச்சயம் முடிந்து முகூர்த்தம் நெருங்கும் சமயம் அது. அத்தை சாதாரணமாகக் கேட்டுவிட்டது உடம்பால் கொடுக்க முடியாத ஒன்று.

அத்தை பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்த உயரத்துக்கு 72 கிலோ என்றால் உடல் நிறை எண் 28; இந்தியர்களுக்கு 25 தாண்டினாலே உடல் பருமன் என்று இங்குள்ள மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்துப் பார்ப்பது நல்லதே. ஆனால் உடல்நலத்துக்காகக் கவலைப்படுகிறவர் வரன் தேடும் வரை ஏன் காத்திருந்தார்? அதே வீட்டில் தொப்பையும் சர்க்கரையுமாக இருக்கும் அண்ணனிடம் ஏன் வாய் திறக்கவில்லை? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லையென்றால் அங்கே பேசப்படுவது உடல்நலம் அல்ல. பெண்ணைத் தனியே அழைத்து ஒரு முறை சொல்லி, "வா, நானும் உன்னோட காலைல நடக்க வர்றேன்" என்கிற பெரியம்மாவும் இருக்கிறார். பத்துப் பேர் நடுவில் சொல்வதையும் அதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பெண் என்ன பதில் சொல்வது? கோபமாகச் சொன்னால் எடையை விட்டுவிட்டு "வாய் ஜாஸ்தி" என்ற பேச்சு கிளம்பும். காரணம் சொல்லித் தப்பிப்பது இன்னும் ஆபத்து. "எனக்கு தைராய்டு இருக்கு அத்தை" என்று சொன்னது மறுநாள் தரகர் காது வரை போயிருக்கும். உடம்பின் உண்மை, கட்டிக்கொள்ளப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது. பேச்சு கனியும்போது அவரிடம் நேரே சொல்லிவிட வேண்டும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் அது கடனில்லை. "உடம்பை டாக்டர்கிட்ட பார்த்துக்கிறேன் அத்தை, இதை இதோட விட்டுடுங்க" என்று தணிந்த குரலில் சொல்லலாம். மறுபடி கேட்டால் மறுபடியும் அதே வார்த்தைகள். புதிதாக ஒரு சொல் சேர்த்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சு நீளும்.

அடுத்த யோசனை வரும்: "72-ஐ 62னு போடு, மூணு வருஷத்துக்கு முந்தின போட்டோவைக் குடு. நேர்ல பார்த்தா பிடிச்சிடும்." சின்னப் பொய்தான் என்று தோன்றும். மாப்பிள்ளை வீட்டாரை ஏமாற்றுவது ஒரு தவறு. அந்தப் பெண்ணுக்குச் செய்வது அதைவிடப் பெரிய தவறு. வந்தவர்கள் அவள் உள்ளே நுழைந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அந்த நொடியை, வீட்டாரே ஏற்பாடு செய்து வைக்கிறார்கள். உள்ள எடையும் போன மாதம் எடுத்த படமும் போனால் நாலு இடம் குறையத்தான் செய்யும். தாய் தகப்பனுக்கு அது வலிக்கும். ஆனால் வருகிறவர்கள் தெரிந்தே வருகிறார்கள்.

பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் பேச்சு எழும்போது மகள் பதில் சொல்லட்டும் என்று தலைகுனிந்து இருந்துவிடாதீர்கள். "எங்க பொண்ணு இப்படித்தான் இருப்பா, பார்த்துப் பிடிச்சு வர்றவங்க வரட்டும்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் காதில் விழும்படி.