விடைபெறுபவருக்கு நாலு வரி

மனக்கசப்போடு திடீரென்று வேலையை விட்டுப் போகிறவருக்கு, கூட வேலை செய்தவர்கள் எழுதும் விடைக்குறிப்பில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது? சின்னக் கேள்வியாகத் தெரியும். ஆனால் உண்மை பேசுதல், மனம் நோகாமல் பேசுதல், தவறுக்குப் பொறுப்பேற்றல் ஆகிய மூன்று கடமைகளும் அந்த நாலு வரிக்குள் வந்து மோதிக்கொள்கின்றன. ஒரு நிகழ்வை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டுகளாக அங்கே மெர்ச்சண்டைசராக இருந்த ஒரு பெண். ஓர் ஆர்டருக்குச் சாயப்பட்டறை கொடுத்த லேப் டிப்களில் ஒன்றைப் பையர் தேர்ந்தெடுத்துவிட்டார். பல்க் துணி வந்ததும் அந்தப் பெண் அதை லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்கிறார். பகல் வெளிச்ச விளக்கில் நிறம் அச்சாக ஒத்துப்போகிறது. கடை வெளிச்சத்துக்கான விளக்கைப் போட்டால் லேசாகப் பச்சை தட்டுகிறது. பையர் பார்த்துச் சரி சொல்லும்வரை கட்டிங் வேண்டாம் என்கிறார். ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டதால் உற்பத்திப் பிரிவு துணியை வெட்டிவிடுகிறது. பையர் சரக்கை ஏற்க மறுக்கிறார். விலையைக் குறைத்த பிறகுதான் எடுத்துக்கொள்கிறார். அடுத்த வாரக் கூட்டத்தில் மேலாளர், “ஃபாலோ-அப் சரியில்லை” என்று எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிப் பேசுகிறார். கட்டிங் வேண்டாமென்று அவர் சொன்னதைக் காதால் கேட்ட இருவர் அந்த மேசையிலேயே இருக்கிறார்கள். வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை ராஜினாமா. மிச்சமிருந்த விடுப்பை நோட்டீஸ் காலத்தில் கழித்துக்கொண்டு வியாழக்கிழமை கிளம்புகிறார். புதன்கிழமை மாலை, குழுவில் ஒருவர் மேசைக்கு ஒரு அட்டை வருகிறது: “நாலு வரி எழுதிக் கொடுங்க, எல்லாரும் கையெழுத்துப் போட்டுடலாம்.”

முதலில் கைக்கு வருவது வழக்கமான வரிதான்: “சொந்தக் காரணங்களுக்காக எங்களைப் பிரிந்து செல்லும் உங்களுக்கு வாழ்த்துகள். நாம் ஒரு குடும்பமாக இருந்த நாட்களை மறக்க முடியாது.” யாரையும் புண்படுத்தாத வாசகம் போல இருக்கிறது. இதில் தவறு உண்டா?

மரியாதைச் சொற்களெல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. பொய்க்கு எந்த விலக்கும் தராதவர் என்று பெயரெடுத்த ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட்கூட, 1797-இல் வெளியான தன் அறவியல் நூலில் இந்தக் கேள்வியை எழுப்பிப் பார்க்கிறார். கடிதத்தின் முடிவில் தங்கள் பணிவான ஊழியன் என்று எழுதுவது பொய்யாகுமா என்று கேட்டு, அதனால் யாரும் ஏமாறுவதில்லையே என்கிறார். “அன்புள்ள” என்று தொடங்குவதும் “வாழ்த்துகள்” என்று முடிப்பதும் அப்படித்தான். எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் அவற்றின் எடை தெரியும்.

“சொந்தக் காரணங்களுக்காக” என்பது அந்த வகையில் சேராது. அது மரியாதைச் சொல் அல்ல. நடந்தது இன்னது என்று சொல்லும் கூற்று. அவர் தன் ராஜினாமாக் கடிதத்திலேயே அப்படி எழுதியிருக்கலாம். அடுத்த இடத்தில் வேலை தேட வேண்டியவருக்கு அது ஒரு பாதுகாப்பு. அப்படி எழுத அவருக்கு உரிமை உண்டு. அவரைப் போக வைத்ததில் பங்குள்ளவர்கள் அதையே திருப்பி எழுதும்போது கதை வேறாகிறது. நடந்ததற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று குழு தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் சான்றிதழ் அது. அதை அவர் கையிலேயே கொடுத்து, சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளவும் வைக்கிறார்கள்.

இங்கே சிலர் திருக்குறளைத் துணைக்கு அழைப்பார்கள். வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறள், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று சொல்வது உண்மைதான். ஆனால் அது கேட்கும் நிபந்தனை கடுமையானது. விளையும் நன்மையில் குறையே இருக்கக் கூடாது. இந்த வரியால் நன்மை யாருக்கு? சங்கடமில்லாமல் கேக் வெட்ட வேண்டியவர்களுக்கு. போகிறவருக்கு மிஞ்சுவது, தன் காயம் எழுத்திலேயே அழிக்கப்பட்டது என்ற நினைவு. அந்த நிபந்தனையில் இந்தப் பொய் தேறாது.

அப்படியானால் நடந்ததையெல்லாம் எழுதிவிடுவதா? மனசாட்சி உறுத்துகிற ஒருவர் இரண்டாவது வரைவை அப்படித்தான் எழுதுவார்: “அன்று கூட்டத்தில் நடந்தது அநியாயம். நாங்கள் பேசியிருக்க வேண்டும். எங்களை மன்னித்துவிடுங்கள்.” உண்மை, நேர்மை இரண்டும் இதில் இருக்கின்றன. ஆனாலும் வைக்கக் கூடாத இடத்தில் இதை வைத்திருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்பதென்றால் செய்தவர் யார், செய்தது என்ன என்பது அதில் இருக்க வேண்டும். கேட்கப்படுகிறவருக்கு, ‘இப்போது என்னால் முடியாது’ என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். எட்டுப் பேர் கையெழுத்திட்ட அட்டையில் முதலாவது கரைந்துபோகிறது. எல்லோரும் சேர்ந்து வருந்தினால் யாரும் குறிப்பாக வருந்தியதாகாது. இரண்டாவதோ அடியோடு இல்லை. அட்டை எல்லோர் முன்னாலும் கொடுக்கப்படுகிறது. அவர் அதைப் பிரித்துப் படித்து, கண் கலங்கி, “பரவாயில்லைங்க, அதெல்லாம் ஒண்ணுமில்லை” என்று சொல்லியாக வேண்டும். மன்னிப்பு அவரிடமிருந்து பிடுங்கப்படுகிறது. அன்றைக்குக் கூட்டத்தில் அவமானப்பட்டவர், கடைசி நாளில் மற்றவர்களை ஆறுதல்படுத்தும் வேலையையும் செய்துவிட்டுப் போகிறார்.

எனவே இந்த நிகழ்வில் சொல்ல வேண்டியவை மூன்று. அவற்றுக்கு இடங்களும் மூன்று. பழி கூட்டத்தில் சுமத்தப்பட்டது. அதைத் திருத்த வேண்டிய இடமும் அந்தக் கூட்டம்தான். “கட்டிங் நிறுத்தச் சொல்லியிருந்தாங்க, நாங்கதான் வெட்டினோம்” என்று அவர் கிளம்புவதற்கு முன் அதே ஆட்கள் முன்னால் ஒருவர் சொல்ல வேண்டும். மேலாளர் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் கேட்டும் பேசாமலிருந்த இருவருக்கு அந்தக் கடமை. தனியே போய்ச் சொல்வது இதற்கு ஈடாகாது, ஏனென்றால் அவர் பெயர் கெட்டது தனியறையில் அல்ல. இரண்டாவதாக, பேசாமலிருந்த ஒவ்வொருவரும் தன் பங்கை அவரிடம் நேரிலோ தனிக் கடிதத்திலோ சொல்லி, பதிலை எதிர்பார்க்காமல் விட்டுவிட வேண்டும். இவ்விரண்டும் நடந்தால் அட்டைக்கு மிஞ்சுவது ஒரே வேலைதான்: இந்த எட்டு ஆண்டுகளில் அவர் இங்கே செய்துவிட்டுப் போவது என்ன என்பதைச் சொல்வது.

அதைப் புகழ்மொழியாகச் சொல்லாமல் செய்தியாகச் சொன்னால்தான் அது நிற்கும். ‘கடின உழைப்பாளி, இனிய பண்பாளர்’ என்பதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பது அவருக்கும் தெரியும். அந்தப் பெண் ஒவ்வொரு பையருக்கும் ஒரு ஃபைல் வைத்திருந்தார் என்போம். ஒப்புதலான ஸ்வாட்ச், ஒப்புதல் வந்த தேதி, பையர் சொன்ன கருத்து எல்லாம் அதில் ஒட்டப்பட்டிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த ஃபைலை வைத்துத்தான் வேலை கற்றார்கள். குறிப்பில் வர வேண்டியது அதுதான்.

லைட் பாக்ஸைப் பற்றியும் எழுதலாமே என்று தோன்றும். எழுதாமல் விடுவதே நல்லது. சண்டையின் நடுவே இருந்த விஷயம் அது. “உங்களைப் போல நிறம் பார்க்க ஆளில்லை” என்று எழுதினால், வெளிப்படையாகச் சொல்லத் துணியாத நியாயத்தை ஜாடையாகச் சொல்வதாகும். கூட்டத்தில் பேசியிருந்தால் இந்த வரிக்குத் தேவையே இல்லை. பேசாமலிருந்தால் இந்த வரியை எழுதத் தகுதி இல்லை.

கையெழுத்து விஷயத்திலும் கவனம் வேண்டும். “நாங்கள் எல்லோரும்” என்று எழுதிவிட்டு அட்டையை மேசை மேசையாகக் கொண்டுபோனால், அவரோடு உண்மையிலேயே பிணக்குள்ளவரும் போட்டுத்தான் ஆக வேண்டும். விருப்பமில்லாதவரை வற்புறுத்தி வாங்கும் கையெழுத்தை, கூடவே வேலை செய்தவர் பார்த்ததும் கண்டுகொள்வார். விரும்புகிறவர்கள் மட்டும் தங்கள் பெயரில் எழுதட்டும். மூன்று பெயர்தான் வருமென்றால் மூன்று பெயர் போதும்.

போகிறவரே மற்றவர்களை வருத்தியவராக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அப்போதும் அளவுகோல் மாறாது. குறிப்பு இன்னும் சுருங்கும். அவர் செய்த வேலையில் உண்மையானது ஒன்றைச் சொல்லி, வாழ்த்தி நிறுத்திக்கொள்ளலாம். அவரால் அழுத ஜூனியர் ஒருவர் அதே அறையில் இருக்கும்போது, அவரது அன்பைப் புகழ்ந்து எழுதுவது அந்த ஜூனியருக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. உண்மையாகச் சொல்ல ஒன்றுமே இல்லையென்றால், அட்டை இல்லாமல் நேரில் போய் விடைகொடுப்பதில் குற்றமில்லை.

திருப்பூர்க் குழு எழுதக்கூடிய குறிப்பு, இவ்வளவையும் யோசித்த பிறகு, இப்படி அமையலாம்:

“அக்கா, நீங்க போட்டுவெச்ச ஸ்வாட்ச் ஃபைல்களைப் பார்த்துத்தான் நாங்க மூணு பேரும் வேலை கத்துக்கிட்டோம். அதை அப்படியே தொடர்ந்து வெச்சிருப்போம். புது இடத்திலிருந்து உங்களைப் பத்திக் கேட்டா, உங்க வேலை எப்படின்னு எங்ககிட்ட பேசலாம். எங்க நம்பர் கீழே இருக்கு. போற இடத்துல நல்லா இருங்க.”

காரணம் எதுவும் இதில் சொல்லப்படவில்லை. அதனால் பொய்யும் இல்லை. ‘குடும்பம்’ இல்லை. ‘மறக்காமல் தொடர்பில் இருங்கள்’ என்று அவர் தலையில் ஒரு கடமையும் வைக்கப்படவில்லை. தொடர்பு வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். எண் மட்டும் கொடுத்தால் போதும். பாராட்டு ஒன்று, வாக்குறுதி இரண்டு. இரண்டும் நிறைவேற்றக் கூடியவை. நாளை அந்தப் புதிய நிறுவனத்திலிருந்து போன் வந்தால் எடுத்துப் பேசும் துணிவு இல்லாதவர், அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

அலுவலகத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. தொடர்ந்து 5 ஆண்டுகள் வேலை செய்தவர் தானாகவே ராஜினாமா செய்தாலும் அவருக்குப் பணிக்கொடை உண்டு, அதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வகுத்த விதி. ரிலீவிங் லெட்டரையும் கணக்கையும் இழுத்தடித்துக்கொண்டே அட்டையில் ‘உங்கள் வளர்ச்சிக்கு வாழ்த்துகள்’ என்று மேலாளர் எழுதினால், அவருடைய எந்தச் சொல் உண்மை என்பதை அந்தப் பெண் அட்டையில் தேட மாட்டார். வங்கிக் கணக்கில் பார்த்துக்கொள்வார்.

இது ஈரமில்லாத அணுகுமுறை என்று சிலருக்குத் தோன்றலாம். பிரிகிற நேரத்தில் நாலு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்பார்கள். நல்ல வார்த்தை வேண்டாம் என்பதல்ல இங்கே சொல்வது. நியாயம் செய்யாமல் விட்டதை இனிய சொல்லால் ஈடுகட்ட முடியாது என்பதும், அப்படி ஈடுகட்டப் பார்க்கும் சொல் எவ்வளவு இனிமையானதோ அவ்வளவுக்கு வலிக்கும் என்பதும்தான். அந்த அட்டையை எழுத உட்காருகிறவர் பேனாவை எடுப்பதற்கு முன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, கூட்டத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்றா என்பதைத்தான். புதன்கிழமை மாலையில்கூட அதற்கு நேரம் இருக்கிறது. அவர் கிளம்புவது வியாழக்கிழமை.